கோல அனிமேஷன்: கோடு ஏன் தப்பாகத் திரும்புகிறது?

போன பொங்கலுக்கு எங்கள் செம்பூர் குடியிருப்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வாழ்த்து வீடியோ செய்தேன். முதல் ஏழு நொடியில் செம்மண் நிறத் தரையில் ஒரு சிக்குக் கோலம் வேகவேகமாக இழைத்துக்கொண்டு வர வேண்டும், அப்புறம்தான் எழுத்து. மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த அத்தையிடம் போனில் காட்டினேன். "என்னடா இது, முச்சந்தியில வழி தெரியாதவன் மாதிரி கோடு கண்ட இடத்துல திரும்புதே, இப்படி யாராவது கோலம் போடுவாங்களா?" என்று கேட்டார்.

அவர் சொன்னது சரி, தவறு நான் தொடங்கிய இடத்திலேயே இருந்தது. வாசலில் போட்ட கோலத்தைப் படமெடுத்து, Inkscape-இல் Trace Bitmap கொடுத்துக் கோடாக மாற்றியிருந்தேன். சாதாரண டிரேஸ் கோலக் கோட்டைக் கோடாகப் பார்ப்பதில்லை, தடிமனான ஒரு வெள்ளை உருவமாகப் பார்த்து அதன் இரண்டு ஓரங்களையும் வரைந்து தரும். அதை அனிமேட் செய்தால் ஒரு இழை போடுவதற்குப் பதில் இரண்டு மெல்லிய கோடுகள் ஓரமாக ஊர்ந்து போகும். அதற்காக நடுக்கோடு எடுக்கும் Centerline வகைக்கு மாறினேன், அங்கே வேறு வம்பு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு இடத்திலும் அது பாதையைத் துண்டாக்கிவிடும், பிறகு எந்தத் துண்டு எதோடு சேர வேண்டும் என்று அதற்குத் தெரியாது. கை அந்த இடத்தை நேராகக் கடந்து போகும், டிரேஸ் செய்த கோடோ மூலையில் மடங்கிவிடும். அத்தை கண்டுபிடித்தது இதைத்தான்.

அதனால் டிரேஸை விட்டுவிட்டு, படத்தைக் கீழே மங்கலாக வைத்துப் பேனாக் கருவியால் நீங்களே வரையுங்கள், கோலமாவு விழும் அதே வரிசையில். கோடு வெட்டும் இடத்தில் பேனாப் புள்ளி வைக்காதீர்கள், வளைவுகளில் மட்டும் வையுங்கள்.

அடுத்த தவறு, எந்தக் கோலம் என்று யோசிக்காமல் எடுப்பது. அடுத்தடுத்த எல்லாப் புள்ளிகளுக்கு நடுவிலும் இழை குறுக்கே வெட்டிப் போகும் செவ்வகச் சிக்குக் கோலத்தில், எத்தனை தனி இழைகள் வரும் என்பது வரிசை, பத்தி இரண்டின் மீப்பெரு பொது வகுத்தி. 5-க்கு 5 என்றால் ஐந்து தனி இழைகள், 4-க்கு 3 என்றால் ஒரே இழை. நான் முதலில் 5-க்கு 5 எடுத்திருந்தேன். அனிமேஷன் செய்த After Effects-இல், கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்து காட்டுவது Trim Paths. அதில் Trim Multiple Shapes இயல்பாக Simultaneously என்றுதான் இருக்கும், ஆகவே ஐந்து இழைகளும் ஒரே நேரத்தில் கிளம்பின, ஐந்து பேர் உட்கார்ந்து போடுகிற மாதிரி. Individually என்று மாற்றினால் ஒன்று முடிந்து அடுத்தது வரும். ஆனால் தொடக்க வீடியோவுக்கு 4-க்கு 3 போதும் என்பது என் கருத்து, ஒரே இழை கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து முடியும்போது கண்ணுக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அந்த இடம் நடுவில் எங்கோ இல்லாமல் ஒரு ஓரப் புள்ளியின் வளைவில் இருக்கட்டும், Set First Vertex-இல் மாற்றிக்கொள்ளலாம்.

இனி வேகம். கோடு எதுவரை தெரிகிறது என்பதைச் சொல்லும் Trim Paths-இன் End மதிப்பை 0-இலிருந்து 100-க்கு ஒரே சீராக ஓட்டினால் ரயில் மாதிரி போகும். Easy Ease போட்டாலும் தொடக்கமும் முடிவும் மட்டும் மெதுவாகி நடுவில் பறக்கும். கை அப்படிப் போகாது, நேரான இடத்தில் இழுத்து, புள்ளியைச் சுற்றும்போது தயங்கும். 4-க்கு 3-இல் ஓரப் புள்ளிகள் 10, ஆகவே 10 வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னும் பின்னும் End மதிப்புக்கு ஒரு கீஃபிரேம் வைத்து, வளைவுக்குள் கொஞ்சம் அதிக ஃபிரேம் கொடுங்கள். எல்லா வளைவுக்கும் ஒரே அளவு கொடுத்தால் மறுபடி இயந்திரமாகிவிடும், அங்கங்கே ஒன்றிரண்டு ஃபிரேம் கூட்டிக் குறையுங்கள்.

நொடிக்கு 25 ஃபிரேமில் நான் இப்படிப் பிரித்தேன்: 12 புள்ளிகள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் 2 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. இழைக்கு நாலரை நொடி. மிச்ச ஒன்றரை நொடி முடிந்த கோலம் சும்மா நிற்கும். புள்ளியே வைக்காமல் இழையைத் தொடங்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான், எதைச் சுற்றுகிறது அந்தக் கோடு? டைம்லாப்ஸ் உணர்வு வேண்டுமென்றால் கோலத்துக்கு மட்டும் Posterize Time போட்டு நொடிக்கு 12 ஆகக் குறையுங்கள், அந்த லேசான தாவல் வந்துவிடும்.

கடைசியாக மாவின் பொடிப்பொடியான தோற்றம். அதற்குப் போடும் நாய்ஸ் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறினால், வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கும்போது கோலம் முழுவதும் சதுரம் சதுரமாகக் கொதிக்கும். நாய்ஸை ஒரே நிலையில் நிறுத்திவிடுங்கள், தரையில் விழுந்த மாவும் அசையாமல்தானே கிடக்கிறது.