"கிழக்கு பார்த்த மனை" என்ற விளம்பரத்தைத் திசைகாட்டி கொண்டு சரிபார்க்கும் முறை

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழ்நாட்டில் மனை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் விளம்பரத் தாளையும் வாட்ஸ்அப்பில் வரும் லேஅவுட் வரைபடத்தையும் பார்த்தே முன்பணம் கொடுக்கிறார்கள். வாஸ்துவை நம்புகிறவருக்கு அந்தத் தாளில் உள்ள திசை விலையையே மாற்றிவிடும் செய்தி என்பதால், அதைச் சரிபார்க்கும் வழியை இங்கே விளக்குகிறேன்.

முதலில் விளம்பரச் சொற்களைப் பிரித்துப் படியுங்கள். மனைக்குள் நின்று சாலையை நேராகப் பார்க்கும்போது முகம் கிழக்கே இருந்தால் அது கிழக்கு பார்த்த மனை. அதாவது மனையின் கிழக்கு எல்லையில் சாலை இருக்க வேண்டும். சாலையில் நின்று மனையைப் பார்த்துத் திசையை அளப்பவருக்கு நேர் எதிர்த்திசையே கிடைக்கும். "கிழக்கு வாசல் வைக்கலாம்" என்பது இதிலிருந்து வேறுபட்ட கூற்று. வடக்கில் சாலை உள்ள மனையிலும் வீட்டின் வாசலைக் கிழக்கே வைக்க முடியும் என்பதால், அந்த வாசகத்தைக் கொண்டு மனையின் திசையை முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, வரைபடத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைத் தேடுங்கள். தாளின் மேற்புறம்தான் வடக்கு என்று எண்ணிக்கொள்வதே புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. நிலத்தின் வடிவத்தைத் தாளுக்குள் அடக்குவதற்காக வரைபடத்தைத் திருப்பிப் போடுவதுண்டு. அப்போது அம்புக்குறி சாய்ந்திருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: 30 அடிக்கு 40 அடி மனை, தாளில் அதன் வலப்பக்கம் சாலை, விளம்பரம் "கிழக்கு பார்த்தது" என்கிறது. அம்புக்குறியோ தாளின் மேற்புறத்திலிருந்து வலப்பக்கமாக 30 டிகிரி சாய்ந்திருப்பதைப் பாகைமானியால் அளந்து அறிகிறோம். தாளின் வலப்பக்கம் மேற்புறத்திலிருந்து 90 டிகிரி. அதில் 30ஐக் கழித்தால் 60. ஆகவே அந்த மனை 60 டிகிரியை நோக்குகிறது. எட்டுத் திசைகளாகப் பிரித்தால் கிழக்கு என்பது 67.5 முதல் 112.5 டிகிரி வரை மட்டுமே. இந்த மனை வடகிழக்கு பார்த்தது.

தாளில் கிடைத்த இந்த எண்ணை இனி நிலத்தில் உறுதிப்படுத்த வேண்டும். ஊரிலுள்ள தம்பியையோ மைத்துனரையோ அனுப்பும்முன், கைப்பேசியின் திசைகாட்டியை நீங்களே இங்கு பயன்படுத்திப் பழகிக்கொண்டால் அவருக்குத் தெளிவாகச் சொல்லித்தர முடியும். வீவக வீட்டுக்குள் பழக வேண்டாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளும் இரும்புக் கதவும் முள்ளைத் திசைதிருப்பும். புளோக்கிலிருந்து விலகிய திறந்த திடலே ஏற்றது. காந்தம் உள்ள உறையைக் கழற்றிவிட்டு, கைப்பேசியைக் காற்றில் எட்டு வடிவில் சில முறை சுழற்றியபின், உள்ளங்கையில் மட்டமாகப் பிடித்துப் பாருங்கள். காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் உள்ள வேறுபாடு சிங்கப்பூரிலும் தமிழ்நாட்டிலும் மிகச் சிறியது என்பதால் இந்த வேலைக்கு அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

மனைக்குச் செல்பவர் வந்த வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மனையின் நடுவில் சாலைக்குச் செங்குத்தாக நின்று அளவைக் குறிக்க வேண்டும். பிறகு சாலை ஓரத்திற்கு நடந்து சென்று, திரும்பி, மனையை நோக்கி மீண்டும் அளக்க வேண்டும். இந்த இரண்டாவது அளவை நான் மிகவும் வலியுறுத்துவேன்; ஏனெனில் இரண்டுக்கும் இடையே 180 டிகிரி வேறுபாடு இருக்க வேண்டும். மேற்சொன்ன மனையில் முன்னோக்கி 61, பின்னோக்கி 239 என்று வந்தால் வேறுபாடு 178, ஏற்கலாம். மாறாக, முன்னோக்கி 43, பின்னோக்கி 240 என்றால் வேறுபாடு 197 ஆகிறது. முதல் இடத்தின் அருகே மின்கம்பமோ இரும்பு வேலியோ இருக்கக்கூடும். சில அடி தள்ளி நின்று மறுபடியும் அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அளவின்போதும் கைப்பேசித் திரையைப் படம்பிடித்து அனுப்பினால் எண்களை நீங்களே ஒப்பிடலாம்.

"சூரியன் அந்தப் பக்கம்தான் உதிக்கிறது, கிழக்குதான்" என்று விற்பவர் சொன்னால் அதை அளவாக ஏற்காதீர்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் மூன்றாம் வார வாக்கில்தான் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது. தமிழ்நாட்டில் ஜூன் பிற்பகுதியில் அது சுமார் 24 டிகிரி வடக்கே விலகியும், டிசம்பர் பிற்பகுதியில் அதே அளவு தெற்கே விலகியும் உதிக்கும். நம் எடுத்துக்காட்டு மனை ஜூன் மாதக் காலையில் சூரியனை ஏறத்தாழ நேராகவே பார்ப்பதுபோல் தோன்றும்.

பத்திரத்தில் எழுதப்படும் நான்கு எல்லைகளும் இந்தச் சாய்வைக் காட்டுவதில்லை. "கிழக்கே 30 அடி சாலை" என்று நான்கு முதன்மைத் திசைகளிலேயே அவை எழுதப்படுவது வழக்கம். எனவே வரைபடத்தில் கணக்கிட்ட 60 டிகிரியையும் நிலத்தில் எடுத்த 61, 239 என்ற அளவுகளையும் விற்பவருக்கு எழுத்தில் அனுப்பி, அந்த மனை எந்தத் திசையைச் சேர்ந்தது என்ற பதிலை எழுத்திலேயே பெற்றபின் முன்பணம் கொடுங்கள்.