அட்வான்ஸில் பிடித்த பணத்துக்குக் கணக்கு கேட்டு ஹவுஸ் ஓனருக்குக் கடிதம் எழுதுவது எப்படி?

சென்னையில் வீடு காலி செய்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதைதான். அட்வான்ஸ் திரும்பி வரும், ஆனால் முழுசாக வராது. "பெயிண்டிங், இபி, பிளம்பிங் எல்லாம் போக மீதி அனுப்பிட்டேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். உடனே "பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று பாய்வதை விட, எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள் என்று முதலில் எழுத்தில் கேட்பது நல்லது. பதில் வந்தால் பாதிப் பிரச்சினை அதிலேயே முடியும். வராவிட்டாலும் கேட்டதற்கு ஆதாரம் இருக்கும்.

ஒரு கற்பனைக் கணக்கை வைத்தே பார்ப்போம். மாத வாடகை 15,000 ரூபாய், அட்வான்ஸ் 75,000. குடியிருந்தது மூன்று வருடம், காலி செய்தது 2025 நவம்பர் 30. டிசம்பர் 22 அன்று வங்கிக் கணக்கில் வந்தது 46,500.

1. முதலில் கழித்துப் பாருங்கள்

75,000-இல் 46,500 போனால் 28,500. இதுதான் பிடித்தம். ஓனர் வாட்ஸ்அப்பில் சொன்னது: பெயிண்டிங் 15,000, இபி 2,300, பிளம்பிங் 4,200, கிளீனிங் 2,500. கூட்டினால் 24,000தான் வருகிறது. மீதி 4,500 எங்கே போனது என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பெயிண்டிங் கோபத்தில் இந்த மாதிரி இடைவெளியைப் பலர் கவனிப்பதே இல்லை. கடிதத்தின் வலுவான கேள்வியே இதுதான், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

2. அக்ரிமென்ட்டை எடுத்துப் படியுங்கள்

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகைதாரர் தர வேண்டிய பாக்கி ஏதும் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ளலாம். எந்தப் பராமரிப்பு யார் பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது குழாய் லைனையும் வயரிங்கையும் மாற்றுவது ஓனர் பக்கம். டேப், வாஷர், சுவிட்ச், பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை இதெல்லாம் நம் பக்கம்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்துப்பூர்வமாக வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அந்த ஒப்பந்தம்தான் செல்லும். "காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்று அக்ரிமென்ட்டில் இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், அட்டவணையைக் காட்டி வாதாடுவது கஷ்டம். அப்படி ஒரு வரி இல்லாமல், "எல்லாரும் இப்படித்தான் பிடிக்கிறாங்க" என்பது மட்டும் காரணம் என்றால், அது வழக்கம்தான், ஒப்பந்தம் ஆகாது. கடிதம் எழுதும் முன் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

3. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனித்தனிக் கேள்வி

"எல்லாவற்றுக்கும் பில் அனுப்புங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமாக ஒரு மழுப்பல்தான் வரும்.

இபியை எடுத்துக்கொள்ளுங்கள். ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பார்கள். நீங்கள் போன பிறகு புதிதாக வந்தவர் ஓட்டிய ஏசியும் அதே பில்லில் விழுந்திருக்கலாம். யூனிட் கூடக் கூட ரேட்டும் ஏறும் என்பதால், அவர் யூனிட்டைச் சும்மா கழித்தால் மட்டும் போதாது, உங்கள் யூனிட்டுக்கு மட்டும் பில் எவ்வளவு வரும் என்று பார்க்க வேண்டும். அதனால் கேட்க வேண்டியது தொகையை அல்ல, எந்தத் தேதி வரையிலான ரீடிங் என்பதை. காலி செய்த அன்று மீட்டரை போட்டோ எடுத்து வைத்திருந்தால் இந்தக் கேள்வி சுலபமாக முடியும்.

பிளம்பிங்கில் எந்த வேலை என்று பிரித்துக் கேளுங்கள். கிச்சன் டேப் மாற்றியது என்றால் நம் செலவு. சுவருக்குள் போகும் பைப் கசிந்து மாற்றியது என்றால் ஓனர் செலவு. "பிளம்பிங் 4,200" என்ற ஒரு வரியில் இரண்டும் ஒளிந்திருக்கும்.

கிளீனிங்குக்கு பில்லும், சாவி வாங்கிய அன்றைய நிலையைக் காட்டும் போட்டோவும் கேட்டால் போதும்.

4. கடிதத்தை எழுதுங்கள்

குரல் மரியாதையாகவே இருக்கட்டும். "ஏமாற்றிவிட்டீர்கள்", "கேஸ் போடுவேன்" என்ற சொற்கள் வந்தால் அவர் கணக்கை விட்டுவிட்டு உங்கள் சொல்லைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் தர வேண்டியதை நீங்களே ஒப்புக்கொள்வதும் உதவும்.

> அனுப்புநர்: (பெயர், இப்போதைய முகவரி, போன் எண்)
> பெறுநர்: (ஓனர் பெயர், முகவரி)
> தேதி: 26.12.2025
>
> பொருள்: வீட்டு அட்வான்ஸில் பிடித்த தொகைக்கு விவரம் கேட்டல்
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> தங்களுடைய (முகவரி) வீட்டில் 01.12.2022 முதல் வாடகைக்கு இருந்து, 30.11.2025 அன்று காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் ரூ.75,000. அதில் ரூ.46,500 எனக்கு 22.12.2025 அன்று வங்கி மூலம் கிடைத்தது. நன்றி. இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டதால் பிடித்தங்களை ஏற்றுக்கொண்டதாக ஆகாது.
>
> பிடித்த ரூ.28,500-க்குக் கீழ்க்கண்ட விவரங்களைத் தர வேண்டுகிறேன்:
>
> 1. பெயிண்டிங் ரூ.15,000: இது ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி பிடிக்கப்பட்டது? வேலை நடந்திருந்தால் அதன் பில் நகல்.
> 2. இபி ரூ.2,300: பில் நகலும் ரீடிங் தேதியும். 30.11.2025 அன்றைய மீட்டர் போட்டோவை இணைத்துள்ளேன். அதுவரையிலான கட்டணம் என் பொறுப்பே.
> 3. பிளம்பிங் ரூ.4,200: எந்த இடத்தில், என்ன வேலை? பில் நகல்.
> 4. கிளீனிங் ரூ.2,500: பில் நகல், போட்டோ.
> 5. தாங்கள் சொன்ன தொகைகளின் கூட்டல் ரூ.24,000. மீதி ரூ.4,500 எதற்கு?
>
> 10.01.2026-க்குள் எழுத்தில் பதில் தர வேண்டுகிறேன். விவரம் இல்லாத தொகை இருந்தால் அதை என் வங்கிக் கணக்கில் செலுத்தவும்.
>
> இப்படிக்கு,
> (கையெழுத்து)
> இணைப்பு: ஒப்பந்த நகல், வங்கி ஸ்டேட்மென்ட், மீட்டர் போட்டோ, வாட்ஸ்அப் செய்தி நகல்

ஓனர் பெண்மணி என்றால் "அம்மா" என்று மாற்றிக்கொள்ளுங்கள். அக்ரிமென்ட்டை tenancy.tn.gov.in தளத்தில் பதிவு செய்திருந்தால் பதிவு எண்ணையும் முதல் பத்தியில் சேர்த்துவிடுங்கள்.

"பெற்றுக்கொண்டதால் ஏற்றுக்கொண்டதாக ஆகாது" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். சில ஓனர்கள் பணம் தரும்போதே "கணக்கு முடிந்தது, இனி பாக்கி இல்லை" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். கணக்கு தெளிவாகும் வரை அப்படி எதிலும் கையெழுத்து போட வேண்டாம்.

5. அனுப்புவது

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் ஆக ஒன்று, தபாலில் ஒன்று. பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில், பட்டுவாடா ஆனதற்குச் சான்று கேட்டு அனுப்புங்கள். ரசீதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கிவிடும்.

6. பதில் வந்ததும்

பில் வந்தால் தேதியைப் பாருங்கள். நவம்பர் 30-க்கு முந்தைய தேதி போட்ட பெயிண்டிங் பில், நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அடித்ததாக அல்லவா ஆகும்? கொட்டேஷனை பில் என்று அனுப்புவதும் உண்டு. கொட்டேஷன் என்பது வேலைக்கு எவ்வளவு ஆகும் என்ற மதிப்பீடுதான், பணம் கொடுத்ததற்கு அத்தாட்சி இல்லை. அப்படி வந்தால், வேலை முடிந்ததற்கான பில்லைக் கேட்டு இரண்டே வரியில் மறுபடி எழுதுங்கள். கெடு தாண்டியும் பதிலே இல்லை என்றால், இந்தக் கடிதத்தையும் தபால் ரசீதையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக்கான ரென்ட் அத்தாரிட்டி அலுவலகத்திலோ ஒரு வக்கீலிடமோ அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.