கைகர் எண்ணியில் வந்த எண்ணுக்கு ± எவ்வளவு போடுவது?

கைகர் எண்ணிக்கு முன்னால் சீசியம்-137 வில்லையை வைத்து ஒரு நிமிடம் எண்ணுகிறீர்கள், 183 வருகிறது. எதையும் அசைக்காமல் மறுபடி எண்ணினால் 171. கருவியில் கோளாறு ஒன்றும் இல்லை. எந்த அணுக்கரு எப்போது சிதையும் என்பதற்கு ஒழுங்கே கிடையாது, அதனால் எண்ணிக்கை ஏறி இறங்கத்தான் செய்யும். இப்படி ஒன்றோடொன்று தொடர்பில்லாமல், ஆனால் மாறாத சராசரி வீதத்தில் நடப்பவற்றுக்குப் பாய்சான் பரவல் பொருந்தும். அதில் விலக்க வர்க்கச் சராசரியும் சராசரியும் ஒன்றே. ஆகவே திட்ட விலக்கம் சராசரியின் வர்க்கமூலம். உண்மையான சராசரி நமக்குத் தெரியாததால், கையில் இருக்கும் எண்ணிக்கை N-ஐயே அதன் இடத்தில் வைத்து √N என்று எழுதுகிறோம்.

முதலில் வில்லையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, பின்னணியை 10 நிமிடம் எண்ணுங்கள். 225 வந்தது என்று வைத்துக்கொள்வோம். √225 = 15. எண்ணிக்கையையும் பிழையையும் 10-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 22.5 ± 1.5.

அடுத்து வில்லையை வைத்து 5 நிமிடம் எண்ணுங்கள். 900 வந்தால் பிழை 30. 5-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 180 ± 6.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். முதலில் 180 என்று வகுத்துவிட்டு √180 ≈ 13.4 என்று போடுவார்கள். அது தவறு. கருவி எண்ணியது 900 துடிப்புகளை. வர்க்கமூலம் அந்த முழு எண்ணிக்கைக்கு மட்டும்தான். 180-க்கு எடுத்தால், 5 நிமிடம் காத்திருந்து எண்ணியதன் பயனே கணக்கில் வராமல் போய்விடும்.

சரி, இனி பின்னணியைக் கழிக்கலாம். வீதங்களைக் கழிக்கும்போதும் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டத்தான் வேண்டும்:

```
180 − 22.5 = 157.5
√(6² + 1.5²) = √38.25 ≈ 6.2
```

விடை நிமிடத்துக்கு 158 ± 6. பின்னணியின் 1.5 இதில் ஏறக்குறைய காணாமலே போய்விட்டது. எனவே மிச்சம் இருக்கும் நேரத்தை வில்லையை எண்ணவே செலவிடுங்கள். ஆனால் நேரம் நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகும். 900-இல் 30 என்பது 3.3%, அதை 1% ஆக்க 10,000 துடிப்புகள் வேண்டும், இந்த வில்லைக்கு அது சுமார் 56 நிமிடம்.

√N பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடலாம். ஒரு நிமிட எண்ணிக்கையை இருபது முறை எடுங்கள். சராசரி 180 என்றால், இங்கே ஒவ்வொரு முறையும் கருவி எண்ணுவதே ஏறக்குறைய 180 துடிப்புகள் என்பதால் √180 ≈ 13 என்று போடுவது சரிதான்; மூன்றில் இரண்டு பங்கு 167-க்கும் 193-க்கும் இடையில் விழ வேண்டும். சிதறல் அதைவிட மிக அதிகமாக இருந்தால் வில்லை நகர்ந்திருக்கலாம், அல்லது மின்னழுத்தம் நிலையாக இல்லாமல் இருக்கலாம். எல்லா எண்களும் 179, 180, 181 என்றே வந்தால் அதுதான் இன்னும் சந்தேகத்துக்குரியது: எண்ணி கதிர்வீச்சை விட்டுவிட்டு, ஏதோ சீரான மின் இரைச்சலை எண்ணிக்கொண்டிருக்கலாம்.