தொண்டை வலியும் தண்ணீரும்: தாகத்தை நம்பிக் காத்திருப்பதில்தான் தவறு தொடங்குகிறது

போன மார்கழியில் என் தங்கை மகனுக்குத் தொண்டை வலி. நான்கு வயது, 16 கிலோ எடை, லேசான காய்ச்சல். காலையில் பாலை ஒதுக்கினான், மதியம் ரசம் சாதத்தைத் துப்பினான். “தாகம் எடுத்தால் அவனே கேட்பான் அக்கா” என்றாள் தங்கை. மாலை ஐந்து மணிக்கு நான் போனபோது, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டேன். பதினொரு மணிக்கு, கொஞ்சமாக, அடர் மஞ்சளாக என்றாள்.

அவன் கேட்காததற்குக் காரணம், விழுங்கினால் வலிக்கும் என்ற பயம். தாகம் இருந்தாலும் அந்தப் பயம் அதை அமுக்கிவிடும். முதியவர்களுக்கோ தாக உணர்வே மங்கியிருக்கும். எதிர்த்திசையிலும் தாகம் ஏமாற்றும்: மூக்கடைத்து இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டவருக்கு, உடலில் நீர் போதுமான அளவு இருந்தாலும் நாக்கு காய்ந்திருக்கும். ஒரு வாய் நீரில் வாயை நனைத்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் வாய் வறட்சி. குடித்த பிறகும் தாகம் தீராமல், சிறுநீரும் குறைந்து அடர்ந்து, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அது நீரிழப்பு. (பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தப் பளீர் மஞ்சள் மாத்திரையின் வேலை.)

அடுத்த தவறு அளவில். பையன் குடிக்கவில்லை என்றதும் ஒரு டம்ளர் நிறைய நீட்டி, “முழுசாகக் குடி” என்று மிரட்டுவோம். அது வேலைக்கு ஆகாது. குழந்தை மருத்துவர்கள் போடும் கணக்கு இது: முதல் 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த 10 கிலோவுக்குக் கிலோவுக்கு 50 மில்லி. 16 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1,300 மில்லி வருகிறது. பால், கஞ்சி, ரசம் எல்லாம் இதில் சேர்த்தி. காய்ச்சல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். விழித்திருக்கும் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிரித்தால், கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மேசைக்கரண்டி. இதைக் கேட்டதும் தங்கைக்கு முகம் தெளிந்தது.

முதலில் எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுத்து, அரை மணி நேரம் விட்டு, வலி குறைந்த பிறகு ஆரம்பித்தோம். இந்த வரிசையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது ஐபுபுரூஃபென் சிறுநீரகத்துக்குச் சுமை என்பதால் அதைத் தொடவில்லை. எட்டு மணிக்குள் ஏறக்குறைய 300 மில்லி உள்ளே போனது. எட்டேகாலுக்கு அவனே கழிவறைக்கு ஓடினான்.

எதைக் கொடுத்தோம்? அரிசிக் கஞ்சி நீர், நீர்மோர், கடைசியில் பால் ஐஸ். ஐஸைப் பார்த்ததும் பாட்டி தலையில் கை வைத்தார். குளிர்ந்த பண்டம் தொண்டை வலியை உண்டாக்குவதில்லை, சற்று மரத்துப்போகச் செய்யும். பால் சளியைக் கூட்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. புண்ணான தொண்டையை எரிப்பவை வேறு: எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுச் சாறு, மிளகு தூக்கலான கஷாயம், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் சுக்குக் காப்பி. வெதுவெதுப்பாக, காரம் குறைத்துக் குடித்தால் சுக்குக் காப்பியும் ஆகும். தேன் இதம் தரும், ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு துளியும் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம்.

ஓ.ஆர்.எஸ். வெறும் தொண்டை வலிக்குத் தேவையில்லை. சாப்பாடே இறங்கவில்லை, வாந்தியோ பேதியோ சேர்ந்திருக்கிறது என்றால் கொடுக்கலாம். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண் மதிப்பில் போட்டால் உப்பின் அளவு கெட்டுவிடும்.

பெரியவர்கள் செய்யும் தவறு நேர் எதிரானது. “நிறையத் தண்ணீர் குடி” என்று கேட்டுவிட்டு ஐந்தாறு லிட்டர் வெறும் தண்ணீரை உள்ளே தள்ளுகிறார்கள். காய்ச்சல் சமயத்தில் உடல் நீரை வெளியேற்றாமல் பிடித்து வைக்கும் ஹார்மோன் கூடலாம். அந்த நேரத்தில் அளவு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக, சில மணிக்கு ஒருமுறை வந்தால் போதும். இதய, சிறுநீரக நோயாளிகள் தமக்குச் சொன்ன அளவைத் தாண்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

குழந்தைக்கு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிந்து சோர்ந்து கிடக்கிறது என்றால் கரண்டியை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். பெரியவருக்குப் பன்னிரண்டு மணி நேரம். சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் வடிகிறது, வாய் திறக்கவில்லை, குரல் அடைத்தாற்போல் இருக்கிறது, மூச்சிழுக்கும்போது சத்தம் கேட்கிறது என்றால் எதையும் குடிக்க வைக்கக் கூடாது. தொண்டைக்குள் சீழ் கட்டியிருக்கலாம், மூச்சுப் பாதை வீங்கியிருக்கலாம். எட்டு மணி நேரம் ஆகட்டும் என்று அப்போது காத்திருக்கக் கூடாது, அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.