வைத்தியசாலை வழிகாட்டிப் பலகைகள்: துண்டில் உள்ள பெயரிலிருந்து தொடங்குங்கள்

நெடுந்தீவிலிருந்து காலைப் படகில் வந்த அம்மா ஒருவர், ஒரு வைத்தியசாலை விறாந்தையில் ஒரே கதவை இரண்டு தடவை கடந்து போனதைப் பார்த்தேன். நான் அப்போது ஏணியில் நின்று பழைய பலகைகளை அளந்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை என்னிடமே வந்து, "தம்பி, ஸ்கான் எடுக்கிற இடம் எங்க?" என்று கேட்டார். கையில் இருந்த துண்டில் வைத்தியர் எழுதியிருந்தது மூன்று ஆங்கில எழுத்துகள். கதவில் இருந்தது "கதிரியக்கவியல் பிரிவு". அவர் வாயில் வந்தது "ஸ்கான்". ஒரு அறைக்கு மூன்று பெயர், ஒன்றோடொன்று பொருந்தாமல். அம்புக்குறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த அம்மாவுக்கு அது உதவியிருக்காது.

ஆகவே இந்தச் செய்முறை எழுத்துருவிலோ நிறத்திலோ தொடங்கவில்லை, பெயரில் தொடங்குகிறது. உதாரணத்துக்கு யாழ்ப்பாணத்தில் நான் வேலை செய்த, இரண்டு மாடியும் ஆறு விடுதிகளும் உள்ள ஒரு வைத்தியசாலையை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாம் படி: வாசலில் ஒரு காலை

கிளினிக் நாளொன்றில் காலை எட்டு மணிக்குக் காவலாளியின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருங்கள். பதினொரு மணி வரை வருபவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று அவர்கள் வாயில் வந்த சொல்லிலேயே எழுதுங்கள். துண்டைக் காட்டினால் அதில் உள்ள எழுத்துகளையும் குறியுங்கள். நோயாளியின் பெயரையும் நோயையும் எழுதவே கூடாது. பிறகு ஒரு சுற்று நடந்து, கதவுகளில் இப்போது என்ன இருக்கிறது என்று பாருங்கள். எனக்குக் கிடைத்ததில் ஒரு பகுதி இது:

```
துண்டில் | கதவில்                              | வாயில்
OPD     | வெளிநோயாளர் சிகிச்சைப் பிரிவு          | ஓபிடி
ETU     | விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவு    | ஈரியூ, அவசரம்
USS     | கதிரியக்கவியல் பிரிவு                  | ஸ்கான்
FBC     | ஆய்வுகூடம்                            | ரத்தம் குத்துற இடம்
```

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். FBC என்ற இரத்தப் பரிசோதனைக்கு நோயாளி ஆய்வுகூடத்துக்குப் போகத் தேவையே இல்லை. இரத்தம் எடுப்பது வேறொரு சிறிய யன்னலில். ஆய்வுகூடம் அதற்குப் பின்னால். ஆனாலும் பலகை எல்லோரையும் ஆய்வுகூடக் கதவுக்கு அனுப்பி, அங்கிருந்தவர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பலகையில் வரவேண்டியது திணைக்களத்தின் பெயரல்ல, நோயாளி போய் நிற்க வேண்டிய இடத்தின் பெயர். அதை "இரத்தம் எடுக்குமிடம்" என்று மாற்றினோம்.

இரண்டாம் படி: தமிழ்ப் பெயரைக் குறுக்குதல்

நமது பெயர்ப்பலகைகளில் பாதி இடத்தைப் பிடிப்பது "பிரிவு" என்ற சொல். ஏறக்குறைய எல்லா வரியும் அதில் முடிவதால் எந்த வரியையும் அது வேறுபடுத்துவதில்லை. அதை எடுத்துவிடுங்கள். "மற்றும்" அடுத்தது. "விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவு" என்பது "அவசர சிகிச்சை" ஆகிறது.

இங்கே புதியவர்கள் தவறாமல் விடும் பிழை ஒன்று உண்டு. "பிரிவு" போனால் அதற்காக வந்த ஒற்றும் போகவேண்டும். "அவசர சிகிச்சைப்" என்று பகரப் புள்ளியோடு பலகை அடித்து மாட்டிவிட்டால், வாசிப்பவர் அடுத்த சொல்லைத் தேடுவார். பட்டியலில் குறுக்கிய ஒவ்வொரு பெயரின் கடைசி எழுத்தையும் விரல் வைத்துப் பாருங்கள்.

அடுத்த சிக்கல், குறுக்கிய பெயர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பது. அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சை மூன்றையும் ஒரே பலகையில் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்தால், பதற்றத்தோடு வருபவர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுதான். பெயரை இன்னும் மாற்றுவதைவிட, அவற்றைப் பிரித்துவிடுவதே எனக்குச் சரியாகப்பட்டது. தீவிர சிகிச்சைக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் வாசலிலிருந்து எவரும் தனியாகப் போவதில்லை. அவை மேல்மாடிப் பலகையில் மட்டும் இருந்தால் போதும். வாசலில் அவசர சிகிச்சை தனி வரியில், சிவப்புப் பின்னணியில்.

"ஸ்கான்", "எக்ஸ்றே", "கிளினிக்" போன்றவற்றைத் தமிழ் எழுத்திலேயே அப்படியே வைத்தேன். கழியொலி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட, வைத்தியசாலையில் ஸ்கான் என்றுதான் கேட்கிறார்கள். தூய தமிழ்ச்சொல் வேண்டும் என்று நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் மனப்பூர்வமாக வாதாடினார். அவருடைய அக்கறை எனக்குப் புரிந்தது, ஆனாலும் வாயில் வரும் சொல்லையே வைத்தேன். மாறாக "விடுதி", "மருந்தகம்" இரண்டும் இங்கே எல்லோரும் வாசிக்கப் பழகிய சொற்கள். அவற்றை "வாட்டு", "பாமசி" என்று மாற்றத் தேவையில்லை.

மூன்றாம் படி: சுருக்கெழுத்துகள்

தமிழில் சுருக்கெழுத்து வேண்டாம். வெளிநோயாளர் பிரிவை "வெ.நோ.பி." என்று எழுதிய பலகையைப் பார்த்திருக்கிறேன்; அப்படி யாரும் பேசுவதில்லை, எந்தத் துண்டிலும் அது இல்லை. தமிழ் வரி முழுச்சொல்லாக இருக்கட்டும்.

ஆங்கிலச் சுருக்கத்துக்கு மூன்று விதி வைத்தேன். முதலாவது, வைத்தியர் துண்டில் எழுதும் சுருக்கம் மட்டுமே பலகையில் வரலாம். இரண்டாவது, ஒரு சுருக்கத்துக்கு ஒரே பொருள். மூன்றாவது, எழுத்துகளுக்கிடையில் புள்ளி இல்லை. ஓரிடத்தில் புள்ளியோடும் இன்னோரிடத்தில் புள்ளி இல்லாமலும் எழுதினால், ஆங்கிலம் தெரியாமல் எழுத்தின் வடிவத்தை வைத்து ஒப்பிடுபவருக்கு அவை இரண்டு வெவ்வேறு இடங்கள்.

இரண்டாவது விதி எப்படி உடைகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது:

```
OT = Operating Theatre
OT = Occupational Therapy
```

அந்த வைத்தியசாலையில் இரண்டுமே இருந்தன. கையைப் பழக்க வந்த ஐயா ஒருவர் துண்டோடு மேல்மாடி ஏறி, சத்திரசிகிச்சைக் கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்திருக்கிறார். சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு "Theatre" என்ற முழுச்சொல்லையும், தொழில்வழிச் சிகிச்சைக்கு அதன் முழுப்பெயரையும் வைத்து, அந்த இரண்டு எழுத்தை எல்லாப் பலகைகளிலிருந்தும் நீக்கினோம்.

ஆங்கில வரியில் சுருக்கம் மட்டும் நின்றாலும் போதாது. ஆடி, ஆவணியில் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஆங்கிலத்தைத்தான் வாசிக்கிறார்கள். நம் நாட்டுத் துண்டில் எழுதும் சுருக்கம் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. அதனால் ஸ்கான் அறைக்கு முழுச்சொல்லும் சுருக்கமும் சேர்ந்து வந்தன. வாசல் பலகையின் இறுதிப் பட்டியல் இப்படி முடிந்தது:

```
அவசர சிகிச்சை        | ETU Emergency
வெளிநோயாளர்          | OPD Outpatients
கிளினிக் 1–4          | Clinics 1–4
ஸ்கான்               | Ultrasound USS
எக்ஸ்றே              | X-ray
இரத்தம் எடுக்குமிடம்    | Blood collection
மருந்தகம்             | Pharmacy
விடுதி 1–6            | Wards 1–6
```

விடுதிகளுக்கு இலக்கம் மட்டும். ஐந்தாம் விடுதியை இரண்டாகப் பிரித்து தமிழில் "5அ" என்றும் ஆங்கிலத்தில் வேறெழுத்தோடும் போடுவது குழப்பத்துக்கு வழி. பிரிந்தால் ஏழாம் இலக்கம் கொடுங்கள். அரசாங்க வைத்தியசாலையாக இருந்தால் சிங்கள வரியும் வரவேண்டும், அதற்கான இடத்தை வரையும்போதே விடுங்கள்.

நான்காம் படி: எழுத்தமைத்தல்

பலகை அடிக்கும் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. நீங்கள் யூனிகோட்டில் அனுப்பியதை அவர்கள் பாமினிக்கு மாற்றும்போதோ, பாமினியில் அடித்தது எழுத்துரு இல்லாத கணினியில் திறக்கும்போதோ, "மருந்தகம்" இப்படி நிற்கும்:

```
kUe;jfk;
```

இது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தப்புவது கொம்பு இடம்மாறுவது. சில வரைகலை மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். "வெளிநோயாளர்" என்ற ஒரு சொல்லை அடித்துப் பாருங்கள். வெகரத்தின் ஒற்றைக்கொம்பும் நோகாரத்தின் இரட்டைக்கொம்பும் சரியான இடத்தில் நின்றால் மற்றவையும் சரியாக இருக்கும். பிறகு எழுத்துகளைக் கோட்டுருவமாக மாற்றிக் கடைக்குக் கொடுங்கள். அதன்பின் எந்தக் கணினியும் அவற்றைக் குலைக்க முடியாது. ஆனால் திருத்தவும் முடியாது என்பதால், மாற்றாத பிரதியொன்றை உங்களிடம் வைத்திருங்கள்.

எழுத்துருவுக்கு Noto Sans Tamil போன்ற, கோட்டின் தடிப்பு எங்கும் ஏறக்குறைய ஒரே அளவான ஒன்று போதும். அளவை "ப" என்ற எழுத்தின் உயரத்தில் அளப்பேன், ஏனென்றால் அதற்கு மேலும் கீழும் எதுவும் நீட்டாது. வயதானவர்கள் அதிகம் வருகிற இடத்தில் பதினைந்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல "ப" என்று கணக்கு வைக்கிறேன். முப்பது அடியிலிருந்து வாசிக்க வேண்டிய வாசல் பலகைக்கு இரண்டு அங்குலம். ஆங்கிலப் பேரெழுத்து அந்த "ப"வை விட உயராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே எழுத்தளவைக் கொடுத்துவிட்டால் இரண்டும் சமமாகிவிடும் என்று நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விடுங்கள்; மேல்வரியின் உகரக் கால் கீழ்வரியின் புள்ளியில் முட்டினால் "ன்" எது "ன" எது என்று தெரியாது.

ஐந்தாம் படி: கடதாசியில் ஒரு கிழமை

அக்ரிலிக்குக்குக் காசு கொடுக்க முதல் எல்லாவற்றையும் கடதாசியில் அச்சடித்து, உண்மையான உயரத்தில் ஒட்டுங்கள். ஒரு கிழமை கழித்து மறுபடி காவலாளிக்குப் பக்கத்தில் இருங்கள். எங்களிடம் ஸ்கான் கேட்பது ஏறக்குறைய நின்றுவிட்டது, ஆனால் விடுதிக்குப் போகிறவர்கள் படிக்கட்டின் அடியில் நின்று நின்று கேட்டார்கள். பலகையில் "விடுதி 1–6" என்று இருந்தது. மூன்று விடுதிகள் கீழே, மூன்று மேலே. படிக்கட்டடியில் "விடுதி 4–6" என்று மேல்நோக்கிய அம்புக்குறியோடு இன்னொரு கடதாசி ஒட்டியதும் அதுவும் குறைந்தது.

அதன்பிறகுதான் கடைக்குக் கொடுத்தோம். கூடவே அதே பட்டியலின் ஒரு பிரதியைத் துண்டுகள் அச்சடிக்கும் இலிகிதரிடமும் கொடுத்தேன். அடுத்த கட்டு அச்சாகும்போது ஸ்கான் துண்டின் தலைப்பில் ஆங்கிலச் சுருக்கத்துக்குப் பக்கத்தில் "ஸ்கான்" என்று தமிழிலும் வந்திருந்தது.