வேலை அனுமதி முடிந்த ஊழியருக்குக் கடிதம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலை அனுமதி முடிந்த வெளிநாட்டு ஊழியர் ஒருவரை வேலையில் வைத்திருந்தால் அபராதம் வரும் என்று முதலாளிக்குத் தெரியும். அந்தப் பயத்தில் அவசரமாக ஒரு வேலைநீக்கக் கடிதத்தை அடித்து அனுப்பிவிடுகிறார்கள், வம்பு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் தவறு, அனுமதி அட்டையில் இருக்கும் தேதியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது. கெடு முடியும் முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும் என்று சில நாடுகளின் சட்டம் சொல்கிறது. பிரிட்டனில் 1971 குடிவரவுச் சட்டத்தின் 3சி பிரிவு அப்படித்தான். அட்டை காலாவதி, ஆனால் ஆள் சட்டப்படி வேலை செய்யலாம். ஆகவே கெடு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே எழுத்தில் கேளுங்கள்: விண்ணப்பித்தீர்களா, என்றைக்கு, ரசீது இருக்கிறதா? அரசிடமே சரிபார்க்கும் வழி இருந்தால் அதையும் செய்யுங்கள்.

இதே விஷயம் 2018-இல் பிரிட்டனின் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு வந்தது. ஒரு பீட்சா கடை ஊழியர் கெடுவுக்குள் விண்ணப்பித்துவிட்டு, அதற்கான ஆதாரத்தைக் கடைசி நாளில் மின்னஞ்சலில் அனுப்பினார், ஆனால் இணைப்பு நிர்வாகத்துக்குத் திறக்கவில்லை. உடனே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், நிறுவனத்துக்குள்ளேயே மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் தரவில்லை. அந்த வாய்ப்பைக் கொடுப்பதால் முதலாளி எந்தச் சட்டத்தையும் மீறுவதில்லை, ஆதாரம் சரியென்று தெரிந்தால் அவரைத் திரும்ப எடுத்திருக்கலாமே என்பதுதான் தீர்ப்பாயத்தின் பார்வை. கடிதத்தில் மேல்முறையீட்டுக்கென்று இரண்டு வரி இருந்திருந்தால் விஷயம் அவ்வளவு தூரம் போயிருக்காது.

அடுத்தது வார்த்தைகள். “நீங்கள் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதால் உங்களை நீக்குகிறோம்” என்று எழுதவே கூடாது. தங்கும் உரிமை வேறு, வேலை செய்யும் உரிமை வேறு, இரண்டாவது முடிந்தாலும் முதலாவது இருக்கக்கூடும். அதை முடிவு செய்வது முதலாளியின் வேலையும் அல்ல. “விதிமீறல்”, “ஒழுங்கு நடவடிக்கை” என்பதெல்லாம் ஒழுக்கக்கேட்டுக்கு நீக்கும்போது எழுதுகிற சொற்கள், அப்படி ஒரு கடிதம் அவருடைய அடுத்த வேலையையும் கெடுக்கும். என்னைக் கேட்டால் இப்படி எழுதலாம்:

“எங்களிடம் உள்ள ஆவணங்களின்படி உங்கள் வேலை அனுமதி 31-ஆம் தேதியோடு முடிந்துள்ளது. புதுப்பித்ததற்கோ விண்ணப்பித்ததற்கோ ஆதாரம் கேட்டு இரண்டு முறை எழுதினோம், இதுவரை கிடைக்கவில்லை. அதனால் உங்களைப் பணியில் தொடர வைக்கச் சட்டப்படி எங்களால் இயலவில்லை. உங்கள் வேலைத்திறனுக்கும் நடத்தைக்கும் இந்த முடிவோடு தொடர்பில்லை. இதில் தவறு இருப்பதாக நினைத்தால் ஏழு நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம், ஆதாரத்தை அப்போதும் தரலாம்.”

“எங்களிடம் உள்ள ஆவணங்களின்படி” என்ற தொடர் முக்கியம். அது உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறது, தெரியாததைத் தீர்ப்பாகச் சொல்வதில்லை. ஏழு நாள் என்பது என் உதாரணம், உங்கள் ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ வேறு கெடு இருந்தால் அதைப் போடுங்கள்.

அப்புறம் பணம். அனுமதி போய்விட்டது, அதனால் பாக்கி எதுவும் கிடையாது என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அனுமதியோடு உழைத்த நாட்களின் சம்பளம் அவருடையது, கடைசித் தேதியைக் காட்டி அதை நிறுத்த முடியாது. எடுக்காத விடுப்புக்கான தொகை, நோட்டீஸ் காலச் சம்பளம் இரண்டும் சட்டத்தையும் ஒப்பந்தத்தையும் பொறுத்தவை. நோட்டீஸ் காலத்தில் அவரை வேலை வாங்கவும் முடியாது, ஆகவே இதை மட்டும் வழக்கறிஞரிடம் கேட்டு, எந்தத் தொகை எந்தத் தேதியில் வரும் என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரக்கப்பட்டுச் செய்கிற தவறு ஒன்றும் உண்டு. “அனுமதி வரும்வரை கணக்கில் காட்டாமல் வா, கையில் கொடுத்துவிடுகிறேன்” என்பது. அகப்பட்டால் உங்களுக்கு அபராதம், அவருக்கோ அடுத்த விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம். உண்மையிலேயே உதவ நினைத்தால், சில நாட்களில் முடிவு வரும் என்று தெரியும்போது வேலையை முறிக்காமல் சம்பளமில்லா விடுப்பில் வைக்கச் சட்டம் இடம் தருகிறதா என்று பாருங்கள். இடம் இல்லையென்றால், அனுமதி வந்ததும் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள், ஆனால் வேலை காத்திருக்கும் என்று எழுதாதீர்கள், அது வாக்குறுதியாகிவிடும்.

கடிதத்தை நேரில் உட்காரவைத்து, அவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிக் கொடுங்கள், பணிச் சான்றிதழையும் அதோடு சேர்த்துத் தாருங்கள். கூட வேலை செய்தவர்கள் கேட்டால் “அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை” என்பது போதும், அனுமதி விவரம் அவருடைய சொந்த விஷயம்.