அழைப்பு மெயிலுக்கு வரும் பதில் எங்கே போகிறது?

கடலூரில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போகிறோம். முதல் வருடம் 62 பள்ளிகளுக்கு அழைப்பு மெயில் அனுப்பினோம். ஒரு பதிலும் வரவில்லை. யாருக்கும் விருப்பமில்லை போல என்று விட்டுவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து, பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரைச் சிதம்பரத்தில் பார்த்தேன். "ரெண்டு தடவை எழுதினேன் சார், நீங்க பதிலே போடலையே" என்றார். சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்தியைப் படகில் ஏற்ற முடியுமா என்று கேட்டிருந்தார். அன்று இரவு தேடிப் பார்த்தோம். அனுப்புநர் முகவரி, பதில் வேண்டாம் என்று பொருள்படும் noreply@ என்றே இருந்தது. அந்தப் பெட்டியை யாரும் திறந்ததே இல்லை. உள்ளே பதினொரு கடிதங்கள் கிடந்தன.

அப்படி ஒரு பெட்டியே இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. முகவரி இல்லை என்று டீச்சருக்கு மெயில் திரும்பியிருக்கும், அவரும் போன் செய்திருப்பார். பெட்டி இருந்ததால் கடிதம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. நாம்தான் மதிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம், இந்த முகவரிக்கு எழுதவும்" என்று மெயிலின் அடியில் ஒரு வரி போட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. போனில் மெயில் படிப்பவர் ரிப்ளையைத் தொட்டுவிட்டு எழுத ஆரம்பித்துவிடுவார். இனி அனுப்பாதீர்கள் என்று சொல்ல வழி தெரியாதவர் ஸ்பேம் பட்டனை அழுத்துவார். அறிமுகமில்லாத ஒருவரிடம் நாமாகப் போய்ப் பேசிவிட்டு, அவர் வாய் திறக்கும்போது கதவைச் சாத்துவது எனக்குச் சரியாகவே படவில்லை.

நிறையப் பேர் noreply@ வைப்பதற்கு ஒரு பயம்தான் காரணம்: போய்ச் சேராத மெயில்கள் எல்லாம் திரும்பி வந்து பெட்டியை நிரப்பிவிடும் என்பது. ஆனால் அந்த அறிவிப்புகள் Return-Path என்ற வேறொரு முகவரிக்குப் போகின்றன. மொத்தமாக மெயில் அனுப்பும் சேவைகள் பொதுவாக அதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். "விடுமுறையில் இருக்கிறேன்" என்ற தானியங்கிப் பதில்கள் சில மட்டும் நம்மிடம் வரும், அவ்வளவுதான்.

மனிதர் எழுதும் பதில், பதிலுக்கென்று நாம் குறிப்பிடும் Reply-To முகவரிக்குப் போகும். அது இல்லையென்றால் From என்ற அனுப்புநர் முகவரிக்குப் போகும். இரண்டும் ஒன்றாகவே இருப்பது நல்லது:

```
From: Pichavaram Payanam <payanam@example.org>
Reply-To: payanam@example.org
```

இங்கேதான் நாங்கள் அடுத்த தவறைச் செய்தோம். எங்களில் ஒருவருடைய சொந்த ஜிமெயிலை Reply-To-வில் போட்டுவிட்டோம். மெயில் அமைப்பின் பெயரில் வருகிறது, பதில் மட்டும் இலவச முகவரிக்குப் போகிறது. மோசடி மெயில்களின் ஜாடை இது. ஸ்பேம் வடிகட்டிகள் இதைச் சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்வதுண்டு, விவரமான தலைமையாசிரியரும் தயங்குவார். அந்த நண்பர் ஊரில் இல்லாத வாரங்களில் பதிலும் அவரோடு போய்விட்டது.

அப்புறம் கூகுள் குரூப் ஒன்றை வைத்தோம். ஏழு பேருக்கும் பதில் வரும் என்று கணக்கு. நாங்கள் சோதித்தபோது எல்லாம் வந்தது, ஏனென்றால் சோதித்தவர்கள் எல்லோரும் உறுப்பினர்கள். வெளியார் எழுத அனுமதி தரப்படாததால் பள்ளிகளின் மெயில் நிராகரிக்கப்பட்டது. குரூப் வைத்தால் யார் எழுதலாம் என்ற அமைப்பை வெளியாருக்கும் திறந்துவிடுங்கள். ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் வரிசையையும் பாருங்கள்.

அதனால் இப்போதெல்லாம் அழைப்பை அனுப்புவதற்கு முந்தைய நாள், குழுவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு அதே மெயிலை அதே சேவை வழியாக அனுப்புகிறோம். என் தங்கைதான் பெரும்பாலும். அவள் போனிலிருந்து ரிப்ளை கொடுத்து ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்வி எந்தப் பெட்டியில், இன்பாக்ஸிலா ஸ்பேமிலா, யார் கண்ணில் படுகிறது என்று பார்த்த பிறகே அழைப்பு மெயில் பள்ளிகளுக்குப் போகும்.

பெட்டியை வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்துப் பார்க்கிறோம், காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும். ஸ்பேம் பெட்டியும் அதில் சேர்த்தி. விடை தெரியாவிட்டால் "விசாரித்து நாளைக்குச் சொல்கிறேன்" என்றாவது அன்றே எழுதிவிடுகிறோம், அதுவும் அதே முகவரியிலிருந்து. சொந்த முகவரியிலிருந்து பதில் போட்டால் அடுத்த கடிதம் அங்கே போய்விடும், அடுத்த வாரம் முறைக்கு வருபவருக்கு ஒன்றும் தெரியாது. பரங்கிப்பேட்டை டீச்சருக்கும் அப்படித்தான் எழுதினோம்: முதல் நாள் மன்னிப்பு, மறுநாள் படகுத்துறையில் கேட்டறிந்த விவரம்.